40-ஐ அழித்ததும் மரம் ஏன் குட்டையானது?

கீழே இருப்பது மூன்று அடுக்கு கொண்ட ஒரு பி-மரம், அதாவது தரவுத்தளங்கள் எண்களை வரிசையாக வைத்து விரைவாகத் தேடப் பயன்படுத்தும் அமைப்பு. இதில் 19 எண்கள் இருக்கின்றன. முதலில் 25-ஐ அழிப்போம், பிறகு 40-ஐ அழிப்போம். முதல் அழிப்பில் மூன்று கணுக்கள் மட்டும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். இரண்டாவது அழிப்பில் மரத்தின் ஒரு மாடியே மறைந்துவிடும். இரண்டு முறையும் போவது ஒரே ஒரு எண்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? இதைப் புரிந்துகொண்டால் பி-மரத்து அழிப்பின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

```
                         [40]
               /                      \
          [10 20]                    [60 80]
        /    |     \               /    |     \
   [3 7] [12 15 17] [25 31]   [45 52] [65 71] [85 92 97]
```

விதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். படத்தில் ஒவ்வொரு அடைப்பும் ஒரு கணு. உச்சியில் இருப்பது வேர், அடியில் இருப்பவை இலைகள், இலையல்லாதவை உள்கணுக்கள். இந்த மரத்தில் ஒரு கணுவில் அதிகபட்சம் 4 எண்கள் இருக்கலாம், குறைந்தபட்சம் 2 இருந்தாக வேண்டும். வேருக்கு மட்டும் விலக்கு உண்டு, அதற்கு 1 எண் இருந்தாலே போதும். உள்கணுவில் எத்தனை எண்கள் இருக்கின்றனவோ, அதைவிட ஒன்று கூடுதலாகப் பிள்ளைகள் இருக்க வேண்டும். இலைகள் எல்லாம் ஒரே ஆழத்தில் நிற்க வேண்டும். பி-மரத்தை உருவாக்கியவர்கள் போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும். 1972-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை இதையே k என்ற ஒற்றை அளவால் சொல்கிறது: வேரைத் தவிர ஒவ்வொரு கணுவிலும் k முதல் 2k எண்கள் வரை. நம் மரத்தில் k என்பது 2. உண்மையான தரவுத்தளத்தில் ஒரு கணு என்பது வட்டில் ஒரு முழுப் பக்கம் என்பதால், அதில் நூற்றுக்கணக்கான எண்கள் அடங்கும்.

குறைந்தபட்சம் என்று ஒன்று வைத்ததற்கு நேரான காரணம் இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் வட்டிலிருந்து ஒரு முறை படிக்கும் வேலை. கணுக்கள் பாதியாவது நிரம்பியிருந்தால் மரம் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். அழிக்க அழிக்கக் கணுக்கள் வெறுமையாகிக்கொண்டே போக விட்டால், நாலைந்து எண்களைத் தேடுவதற்கும் பழைய உயரம் முழுவதையும் இறங்கித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி 25. அது ஒரு இலையில் இருக்கிறது, எடுத்துவிடலாம். மிஞ்சுவது [31] மட்டும். குறைந்தபட்சம் 2 என்பதால் இந்த இலைக்கு இப்போது ஒன்று குறைகிறது. இடப்பக்கத்து உடன்பிறப்பைப் பார்த்தால் [12 15 17], அதாவது மூன்று எண்கள். ஒன்றைக் கொடுத்தாலும் அதற்கு இரண்டு மிஞ்சும். ஆக, கடன் கேட்கலாம்.

ஆனால் 17-ஐ நேராக எடுத்து 31-க்குப் பக்கத்தில் வைத்துவிட முடியாது. அந்த இரண்டு இலைகளுக்கும் நடுவே, மேலே தாய்க்கணுவில், 20 நிற்கிறது. 20 என்பது வயலுக்கு நடுவே நட்ட எல்லைக்கல் மாதிரி: அதற்கு இந்தப் பக்கம் 20-ஐவிடச் சிறியவை, அந்தப் பக்கம் பெரியவை. 17-ஐ மட்டும் வலப்பக்க இலைக்கு நகர்த்தினால், 17-ஐத் தேடி வருகிறவர் 20-க்கு இடப்பக்கம் இறங்குவார், எண்ணோ வலப்பக்கம் கிடக்கும். அதனால் கல்லையும் சேர்த்தே நகர்த்த வேண்டும். 20 கீழே இறங்கி 31-க்கு முன்னால் உட்கார்கிறது. 20 இருந்த இடத்துக்கு 17 ஏறுகிறது.

```
          [10 17]
        /    |     \
   [3 7]  [12 15]  [20 31]
```

மூன்று கணுக்கள் மாறின: கேட்டது, கொடுத்தது, இரண்டுக்கும் மேலே நின்ற தாய். தாயில் எண்களின் எண்ணிக்கை மாறவில்லை, ஓர் எண் போய் வேறோர் எண் வந்திருக்கிறது, அவ்வளவே. கடன் வாங்குவதன் சிறப்பு இதுதான். தாய்க்கு எந்தக் குறையும் வராது என்பதால் சிக்கல் அந்த அடுக்கோடு முடிந்துவிடும், மேலே எட்டிப் பார்க்கத் தேவையில்லை.

அடுத்து 40. இது வேரில் இருக்கிறது. உள்கணுவில் இருக்கும் எண்ணைப் பிடுங்கினால் அதன் இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் நடுவே எல்லைக்கல் இல்லாமல் போய்விடும். எனவே அந்த இடத்துக்கு இன்னொரு எண்ணைக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பொருந்தக்கூடியவை இரண்டே எண்கள்தான்: இடப்பக்கக் கிளையில் உள்ளவற்றில் மிகப் பெரியது, அல்லது வலப்பக்கக் கிளையில் உள்ளவற்றில் மிகச் சிறியது. இரண்டுமே எப்போதும் இலையில்தான் இருக்கும். இடப்பக்கத்தை எடுத்துக்கொள்வோம், அதில் பெரியது 31. அதை வேரில் 40-இன் இடத்தில் வைக்கிறோம், இலையிலிருந்து நீக்குகிறோம். எந்த அடுக்கில் இருக்கும் எண்ணை அழிக்கச் சொன்னாலும், வேலை கடைசியில் ஓர் இலையிலிருந்து எடுப்பதாகவே முடிகிறது.

இப்போது அந்த இலை [20]. மறுபடியும் ஒன்று குறைகிறது. இடப்பக்கத்து உடன்பிறப்பு [12 15]. அதனிடம் இருப்பதே குறைந்தபட்சம், கொடுத்தால் அதுவும் குறைபட்டுப் போகும். வலப்பக்கத்தில் உடன்பிறப்பு கிடையாது. படத்தில் வலப்பக்கம் [45 52] தெரிகிறதே என்று தோன்றலாம், ஆனால் அதற்குத் தாய் வேறு. இரண்டுக்கும் நடுவிலான எல்லைக்கல் வேரில் இருக்கிறது. ஒரே தாயின் பிள்ளைகளாக, அடுத்தடுத்து நிற்பவை மட்டுமே உடன்பிறப்புகள். பேயரும் மெக்கிரைட்டும் இவற்றை அடுத்தடுத்த சகோதரர்கள் என்றே குறிப்பிடுகிறார்கள்.

கொடுக்க யாரும் இல்லாதபோது இரண்டு வீட்டையும் ஒரு வீடாக்குவதுதான் வழி. [12 15], நடுவில் நின்ற 17, [20] மூன்றும் சேர்ந்து [12 15 17 20] ஆகின்றன. நடுக்கல் பிடுங்கப்பட்டு வயலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. வட்டில் ஒரு பக்கம் காலியாகி வேறு வேலைக்குக் கிடைக்கிறது.

```
                 [31]
           /              \
        [10]            [60 80]
       /    \          /   |   \
  [3 7] [12 15 17 20]  ...
```

இங்கேதான் கடனும் இணைப்பும் பிரிகின்றன. இணைப்பில் தாய் ஓர் எண்ணை இழக்கிறது, ஒரு பிள்ளையையும் இழக்கிறது. [10 17] என்றிருந்த தாய் இப்போது வெறும் [10]. அதற்கும் குறைந்தபட்சம் 2 வேண்டும். இலையில் தொடங்கிய குறை ஓர் அடுக்கு மேலே ஏறிவிட்டது. அங்கேயும் அதே கேள்விதான்: உடன்பிறப்பிடம் கூடுதலாக இருக்கிறதா? [60 80]-இல் இரண்டே எண்கள். அதனிடமும் கேட்க முடியாது. எனவே [10], வேரிலிருந்து 31, [60 80] மூன்றும் இணைந்து ஒரே கணுவாகின்றன. வேரில் எண் எதுவும் மிஞ்சவில்லை, ஒரே ஒரு பிள்ளை மட்டும் தொங்குகிறது. எண் இல்லாத வேரால் பயன் இல்லை. அதை எறிந்துவிட்டு, அந்தப் பிள்ளையையே வேராக்குகிறோம்.

```
                 [10 31 60 80]
      /        /        |       \        \
  [3 7] [12 15 17 20] [45 52] [65 71] [85 92 97]
```

மூன்றடுக்கு இரண்டடுக்கானது. பி-மரம் மேலிருந்துதான் வளர்கிறது, மேலிருந்துதான் குறைகிறது. வேர் பிளந்தால் உயரம் கூடும், வேர் காலியானால் உயரம் குறையும். இலைகள் எப்போதும் ஒரே ஆழத்தில் நிற்பதற்கு இதுவே காரணம். 25-ஐ அழித்தபோது மரம் உயரம் மாறாமல் நின்றதற்கு அண்டையில் இருந்த ஒரேயொரு கூடுதல் எண், அந்த 17, காரணம். 40-இன் முறை வந்தபோது கேட்கக்கூடிய உடன்பிறப்புகள் யாரிடமும் கையிருப்பு இல்லை, எல்லாரும் விளிம்பில் நின்றார்கள். மரம் எந்த அளவுக்குக் குலுங்கும் என்பதை நாம் அழிக்கும் எண் தீர்மானிப்பதில்லை. இலையிலிருந்து வேர் வரையுள்ள பாதையில் யாரிடம் கூடுதல் இருக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

இணைத்தால் இடம் கொள்ளுமா என்ற சந்தேகம் படிப்பவர்களுக்கு வரும், வர வேண்டும். கணக்கு எளியது. குறைபட்ட கணுவில் k-க்கு ஒன்று குறைவாக இருக்கிறது. கொடுக்க முடியாத உடன்பிறப்பில் சரியாக k இருக்கிறது. நடுக்கல் ஒன்று. கூட்டினால் 2k, அதாவது அனுமதித்த உச்சம். கடன் கிடைக்கவில்லை என்றால் இணைப்பு நிச்சயம் கொள்ளும். மூன்றாவது நிலை என்று ஒன்று வரவே வராது. k முதல் 2k வரை என்ற அளவை அந்த இருவரும் வைத்ததன் நேர்த்தி இதில் தெரிகிறது. ஆனால் "உச்சம்" என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பிறகு அதற்குத் திரும்ப வருவேன்.

இலைகளுக்குள் நடக்கும் கடனைப் பலரும் சரியாக எழுதிவிடுகிறார்கள். தடுமாற்றம் வருவது உள்கணுக்கள் கடன் வாங்கும்போது. மேலே 40-ஐ அழித்த கதையில், வலப்பக்க உள்கணு [60 80 90] என்று மூன்று எண்களோடும் [45 52], [65 71], [85 87], [92 97] என்ற நான்கு பிள்ளைகளோடும் இருந்திருந்தால் இணைப்பே தேவைப்பட்டிருக்காது. குறைபட்ட [10], அதனிடம் ஒன்றைக் கடன் வாங்கியிருக்கும். 31 கீழே இறங்கும், 60 வேருக்கு ஏறும். இதோடு நின்றுவிட்டால் பிழை. இடப்பக்கக் கணுவில் இப்போது [10 31] என்று இரண்டு எண்கள், பிள்ளைகளோ இரண்டுதான், மூன்று வேண்டும். வலப்பக்கத்தில் [80 90] என்று இரண்டு எண்கள், பிள்ளைகள் நான்கு. 60-ஐவிடச் சிறிய எண்களைத் தாங்கும் [45 52] என்ற இலை, 60 எல்லையாக மாறிய நொடியிலேயே இடப்பக்கத்துக்குச் சொந்தமாகிவிட்டது. எண்ணோடு அந்தப் பிள்ளையும் வீடு மாற வேண்டும்.

ஒரு கணு குறைபட்டதும் அதைச் சரிசெய்யும் பகுதியை முழுமையாகத் தருகிறேன். `parent`-இன் `i`-ஆவது பிள்ளையில் எண்கள் குறைந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```python
def fix(parent, i):
    node = parent.kids[i]
    if i > 0 and len(parent.kids[i-1].keys) > MIN:
        left = parent.kids[i-1]
        node.keys.insert(0, parent.keys[i-1])
        parent.keys[i-1] = left.keys.pop()
        if left.kids:
            node.kids.insert(0, left.kids.pop())
    elif i+1 < len(parent.kids) and len(parent.kids[i+1].keys) > MIN:
        right = parent.kids[i+1]
        node.keys.append(parent.keys[i])
        parent.keys[i] = right.keys.pop(0)
        if right.kids:
            node.kids.append(right.kids.pop(0))
    else:
        j = i-1 if i > 0 else i
        left, right = parent.kids[j], parent.kids[j+1]
        left.keys += [parent.keys.pop(j)] + right.keys
        left.kids += right.kids
        parent.kids.pop(j+1)
```

இடப்பக்கத்திலிருந்து வாங்கும் கிளையில் `node.kids.insert(0, ...)` என்ற வரியைப் பாருங்கள். நான் முதன்முதலாக இதை எழுதியபோது அந்த இடத்தில் `append` போட்டிருந்தேன். பிள்ளை வந்து சேர்கிறது, எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது, ஆனால் வரிசையின் முன்னால் நிற்க வேண்டியது கடைசியில் போய் நிற்கிறது. என்ன ஆகும் என்று பார்ப்போம். இடப்பக்க உள்கணு [10 20 30], அதன் கடைசிப் பிள்ளை [33 36]. வேர் [40]. வலப்பக்கம் குறைபட்ட [60], அதன் முதல் பிள்ளை [45 52]. கடன் முடிந்ததும் வேர் [30], வலப்பக்கம் [40 60]. [33 36] முதலில் நிற்க வேண்டும். என் நிரலில் அது மூன்றாவதாகப் போய் நின்றது. இப்போது 33-ஐத் தேடினால், 30-ஐவிடப் பெரியது என்று வலப்பக்கம் இறங்கும், 40-ஐவிடச் சிறியது என்று முதல் பிள்ளைக்குப் போகும், அங்கே இருப்பதோ [45 52]. "இல்லை" என்ற பதில் வரும். எண் மரத்துக்குள்ளேதான் இருக்கிறது, நிரலும் நின்றுபோகவில்லை, எந்த எச்சரிக்கையும் இல்லை. தரவு தொலைந்ததை அறிவிக்காமல் தொலைக்கும் பிழை இது, எனக்கு இந்த வகைதான் மிகவும் அச்சம் தருவது.

அதைவிட என்னை உலுக்கியது, அந்தப் பிழை என் சோதனைகள் அனைத்தையும் தாண்டி வந்தது. 1 முதல் 1000 வரை சேர்ப்பேன், பிறகு 1-இலிருந்து வரிசையாக அழிப்பேன், ஒவ்வொரு முறையும் மிச்சம் இருப்பதைச் சரிபார்ப்பேன். பார்வைக்குக் கடுமையான சோதனைதான். ஆனால் ஏறுவரிசையில் அழிக்கும்போது அழிவது எப்போதும் மரத்திலேயே மிகச் சிறிய எண். அது எப்போதும் இடக்கோடியில் இருக்கும் இலையில்தான் இருக்கும். அந்த இலைக்கு இடப்பக்கத்தில் உடன்பிறப்பே கிடையாது, அதன் தாய்க்கும் கிடையாது. ஆக, `i` எப்போதும் 0. இடப்பக்கத்திலிருந்து கடன் வாங்கும் கிளை ஆயிரம் அழிப்பிலும் ஒரு முறைகூட ஓடவில்லை. இறங்குவரிசையில் அழித்தால் மறுபாதி ஓடாது.

இன்னொரு ஓட்டை கணுவின் அளவில் இருக்கிறது. கணுவுக்கு 199 எண்கள் என்று வைத்து ஆயிரம் எண்களைச் சேர்த்தால் கிடைப்பது ஒரு வேரும் அதன் இலைகளும் மட்டுமே. வேரைத் தவிர உள்கணுவே இல்லாத மரத்தில், உள்கணுவின் கடனை எப்படிச் சோதிப்பது? சோதனைக்கு மிகச் சிறிய கணு வேண்டும், உச்சம் 4 அல்லது 5 என்பது போல. எண்களைக் குலுக்கிப்போட்டுச் சேர்த்து, குலுக்கிப்போட்டு அழிக்க வேண்டும். ஒவ்வொரு அழிப்புக்குப் பிறகும் மரம் முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும்: இடமிருந்து வலமாகப் படித்தால் எண்கள் ஏறுவரிசையில் வருகின்றனவா, பிள்ளைகள் எண்களைவிட ஒன்று கூடுதலா, வேரல்லாத எதிலும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போயிருக்கிறதா, இலைகள் ஒரே ஆழமா. என் பிழையை இவற்றில் முதல் கேள்வி உடனே பிடித்துக் கொடுத்தது. 45, 52-க்குப் பிறகு 40 வந்தால் கண்ணுக்குத் தப்பாது.

இப்போது உச்சத்துக்கு வருகிறேன். 40-ஐ அழித்து முடித்தபோது நம் மரத்தில் [12 15 17 20] என்ற இலை நிரம்பி வழியும் நிலையில் இருக்கிறது, வேரான [10 31 60 80]-உம் அதே நிலையில். இணைப்பு எப்போதும் இப்படியே முடிகிறது, சரியாக 2k. இந்த நேரம் பார்த்து 16-ஐச் சேர்த்தால்? இலை இரண்டாகப் பிளந்து [12 15], [17 20] ஆகும், 16 மேலே ஏறும். வேரில் ஐந்து எண்கள் சேர்ந்துவிட்டதால் அதுவும் பிளக்கும், 31 புதிய வேராகும். மரம் மறுபடியும் மூன்றடுக்கு. உடனே 16-ஐ அழித்தால் அதன் இடத்துக்கு 15 ஏறும், இலை [12] ஆகும், இரு பக்கமும் [3 7], [17 20] என்று விளிம்பில் நிற்பவர்கள். மறுபடியும் இணைப்பு, தாயும் இணைப்பு, மரம் மறுபடியும் இரண்டடுக்கு. அதன்பின் 11-ஐச் சேர்த்தால் மறுபடியும் மூன்று. ஓர் எண் வருவதும் போவதுமாக இருக்கும்போது வேர் வரை ஒவ்வொரு பக்கமும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும்.

இதற்குக் கொஞ்சம் இடைவெளி விட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். உச்சத்தை 2k-க்குப் பதில் 2k+1 என்று வைத்தால் இணைப்புக்குப் பிறகு ஓரிடம் மிச்சம் இருக்கும். ரஸ்ட் மொழியின் `BTreeMap` அப்படித்தான், ஒரு கணுவில் 5 முதல் 11 வரை. அதில் இன்னொரு பழக்கமும் உண்டு. குறைபட்ட கணுவைக் கண்டால் அது முதலில் இணைக்க முடியுமா என்றுதான் பார்க்கிறது, இடம் கொள்ளாவிட்டால் மட்டுமே பக்கத்திலிருந்து எடுக்கிறது. உடன்பிறப்பில் 6 எண்கள் இருந்தால் கடன் வாங்கவும் முடியும், இணைக்கவும் முடியும், அங்கே அது இணைப்பைத் தேர்ந்தெடுக்கிறது. பேயரும் மெக்கிரைட்டும் வேறு வகையில் இடைவெளி தேடினார்கள். அவர்களுடைய முறையில் உடன்பிறப்பு ஓர் எண்ணை மட்டும் கொடுப்பதில்லை, இருவரிடமும் இருப்பதைக் கூட்டிச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒன்றே ஒன்றைக் கடன் வாங்கினால் அந்தக் கணு விளிம்பிலேயே நிற்கும், அடுத்த அழிப்பில் மறுபடியும் போய்க் கேட்க வேண்டும், ஒவ்வொரு முறையும் மூன்று பக்கங்களை எழுத வேண்டும். பாதியாகப் பிரித்துக்கொண்டால் அடுத்த பல அழிப்புகளுக்குக் கவலை இல்லை. வட்டில் எழுதும் மரங்களுக்கு இந்தப் பங்கீடே நல்லது என்பது என் கருத்து. பாடநூல்களில் ஓர் எண் கடன் வருவது படம் வரைய எளிது என்பதால்தான்.

தரவுத்தளங்களில் நாம் சந்திப்பது பெரும்பாலும் பி-மரத்தின் உறவான பி-பிளஸ் மரம். அதில் தரவெல்லாம் இலைகளில் மட்டுமே இருக்கும், உள்கணுக்களில் இருப்பவை வெறும் வழிகாட்டிப் பிரதிகள். எனவே இலைகளை இணைக்கும்போது நடுக்கல்லைக் கீழே இறக்கக் கூடாது, தூக்கி எறிய வேண்டும். இறக்கினால் ஒரே எண் இலையில் இரண்டு முறை வரும், அல்லது என்றோ அழிந்த எண் உயிர்த்தெழும். உள்கணுக்களை இணைக்கும்போது மட்டும் பழையபடி இறக்க வேண்டும்.

மைசீக்வெல் தரவுத்தளத்தின் சேமிப்பு எந்திரமான இன்னோடிபி இந்த வழியில் போகிறது. அதன் பக்கம் இயல்பாக 16 கிலோபைட். அழித்த வரிசைகளைத் துப்புரவு செய்யும்போது ஒரு பக்கம் பாதிக்குக் கீழே போனால், அண்டைப் பக்கத்தோடு இணைக்கப் பார்க்கிறது. அந்தப் பாதி என்ற எல்லையின் பெயர் `MERGE_THRESHOLD`, இயல்பாக 50. இரண்டு பக்கங்களும் பாதிக்கு அருகில் இருக்கும்போது இணைத்தால், இணைந்த பக்கம் சீக்கிரமே மறுபடியும் பிளக்கும் என்று அதன் கையேடே சொல்கிறது. நம் 16-ஆம் எண்ணின் கதைதான் அது. அடிக்கடி அப்படி நடந்தால் அந்த இன்டெக்ஸுக்கு மட்டும் எல்லையைக் குறைக்கலாம்.

```sql
SELECT NAME, COUNT FROM INFORMATION_SCHEMA.INNODB_METRICS
WHERE NAME LIKE 'index_page_merge%';

CREATE INDEX idx_when ON orders (created_at)
  COMMENT 'MERGE_THRESHOLD=40';
```

முதல் வரி எத்தனை முறை இணைக்க முயன்றது, எத்தனை முறை வெற்றி பெற்றது என்ற இரண்டு எண்ணிக்கைகளையும் தரும். அவை இயங்காமல் இருந்தால் `innodb_monitor_enable` கொண்டு முதலில் இயக்கிவிட வேண்டும். எல்லையைக் குறைத்துப் பார்த்து, முயற்சிகள் குறைந்து வெற்றி விகிதம் ஏறினால் சரியான திசையில் போகிறீர்கள். மிகவும் குறைத்துவிட்டால் அரைகுறைப் பக்கங்கள் பெருகி இன்டெக்ஸ் வீங்கும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் அடியோடு வேறு முடிவெடுத்தது. அது கடனும் வாங்குவதில்லை, பாதிக் காலியான பக்கங்களை இணைப்பதும் இல்லை. ஒரு பக்கம் முழுக்கக் காலியானால் மட்டும் அதை மரத்திலிருந்து கழற்றுகிறது. காரணம் ஒரே நேரத்தில் பலர் படிப்பது. ஒருவர் இலைகளை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகிறார், ஓர் இலையை முடித்து அடுத்ததற்குள் நுழையப் போகிறார். அந்த இடைவெளியில் வலப்பக்க இலையின் எண்கள் இடப்பக்க இலைக்கு நகர்ந்துவிட்டால், முடித்துவிட்ட இடத்துக்குப் போன அவற்றை அவர் பார்க்கவே மாட்டார். வலமிருந்து இடமாகப் படிப்பவருக்கு எதிர்த்திசை நகர்வு இதே தீங்கைச் செய்யும். எதையும் நகர்த்தாவிட்டால் இந்த ஆபத்து இல்லை. காலிப் பக்கத்தைக் கழற்றுவதால் யாருக்கும் எதுவும் தவறாது.

இதை வெறும் சோம்பல் என்று நினைத்துவிட வேண்டாம். தியோடர் ஜான்சனும் டென்னிஸ் ஷாஷாவும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ப்பு அழிப்பைவிடச் சற்று மிகுந்திருந்தாலே போதும், காலியானதும் விடுவிக்கும் முறை பாதியில் இணைக்கும் முறையைவிட இடத்தில் சிறிதளவே இழக்கிறது, மரத்தைத் திருத்தும் வேலையோ மிகவும் குறைகிறது என்று காட்டினார்கள். வளர்ந்துகொண்டே இருக்கும் அட்டவணைகளில் பாதிக் காலியான இலைக்குப் புதிய எண்கள் தாமாகவே வந்து சேரும் என்பதால் இது பொருந்துகிறது.

பொருந்தாத இடமும் உண்டு. பழைய மாதங்களின் பதிவுகளைத் தேதி வரிசையில் மொத்தமாக அழித்தால், தேதி இன்டெக்ஸில் பக்கம் பக்கமாகக் காலியாகும், அவை கழன்று மறுபயன்பாட்டுக்கு வரும். ஆனால் பத்தில் ஒன்பது வரிசைகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக அழித்தால், ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் சில எண்களாவது மிஞ்சும். ஒரு பக்கமும் காலியாகாது, இன்டெக்ஸ் பழைய அளவிலேயே நிற்கும். `pgstattuple` என்ற நீட்சியை நிறுவி `pgstatindex` சொல்லும் `avg_leaf_density`-ஐப் பார்த்தால் இது தெரிந்துவிடும். புதிதாகக் கட்டிய இன்டெக்ஸில் அது 90-ஐ ஒட்டி இருக்கும், இப்படிச் சிதறி அழித்த பிறகு பாதாளத்துக்கு இறங்கியிருக்கும். `REINDEX INDEX CONCURRENTLY` கொண்டு புதிதாகக் கட்டுவதே அப்போது வழி, 12-ஆம் பதிப்பிலிருந்து அட்டவணையில் எழுதுவதைத் தடுக்காமல் இதைச் செய்யலாம்.

கடைசியாக அந்த மாடி. போஸ்ட்கிரெஸில் எத்தனை பக்கங்கள் கழன்றாலும் மரத்தின் உயரம் குறைவதில்லை, ஒவ்வோர் அடுக்கிலும் வலக்கோடிப் பக்கம் அழியாமல் நிற்கும். நம் மரத்தில் எறிந்தோமே, எண் இல்லாத ஒற்றைப் பிள்ளை வேர், அதைப் போன்றவை அங்கே ஒன்றன் மேல் ஒன்றாக அப்படியே இருக்கும். தேடுபவர்கள் அந்த வெற்று மாடிகளில் இறங்கி நேரம் வீணாக்காமல் இருக்க, உண்மையான வேரைத் தவிர, ஒரே பக்கம் கொண்ட அடுக்குகளில் மிகக் கீழே உள்ளதையும் விரைவு வேர் என்று முதல் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறது. தேடல் அங்கிருந்தே தொடங்கும். `pageinspect` நீட்சி இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்.

```sql
SELECT root, level, fastroot, fastlevel
FROM bt_metap('orders_created_idx');
```

`fastlevel` என்பது `level`-ஐவிடச் சிறியதாக இருந்தால், அந்த மரம் எப்போதோ உயரமாக இருந்து, பெருமளவு அழிப்புக்குப் பிறகு மேல்மாடிகள் ஆளின்றிக் கிடக்கின்றன என்று பொருள். போஸ்ட்கிரெஸின் மரத்தில் 40-ஐ அழித்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது குட்டையான மரம் அல்ல, இந்த இரண்டு எண்களுக்கு நடுவிலான வித்தியாசமாகவே அது பதிவாகியிருக்கும், அதுவும் பக்கங்கள் முழுக்கக் காலியான பிறகே.